காதல் செய்தியில் அலோஹா: எந்தத் தொடர் எதைச் சொல்லும்?

ஹவாய்த் தீவுகளில் அலுவலக மின்னஞ்சல்கூட 'அலோஹா' என்று தொடங்குவதுண்டு. வணக்கம், விடைபெறல், அன்பு, இரக்கம் எல்லாம் அந்தச் சொல்லில் அடக்கம். அதனால் தனியாக 'அலோஹா' என்று மட்டும் அனுப்பினால் அதை வணக்கமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். காதலைச் சொல்வது அதோடு சேரும் சொற்கள்தான்.

முதல் செய்திக்கு 'அலோஹா காவுவா' பொருத்தம். காவுவா என்றால் 'நாம் இருவர்'. நம் 'நாம்' போல, கேட்பவரையும் உள்ளே சேர்க்கும் சொல் இது. ஆனால் இரண்டு பேருக்கு மட்டும். ஒருவரை வாழ்த்தும் சாதாரண வணக்கமாகவும் இது வழங்குவதால், எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் தராது. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 'அலோஹா காகோ'. அதைக் காதலிக்கு அனுப்பினால் ஒரு கூட்டத்தையே அழைத்தது போலாகிவிடும். எழுத்திலும் கவனம் வேண்டும்: காவுவாவை kāua என்று எழுத வேண்டும்; முதல் உயிரின் மேல் உள்ள நெடில் கோடு விடுபட்டால் kaua, அதாவது 'போர்'!

வெளிப்படையாகக் காதலைச் சொல்ல 'அலோஹா அவு இயா ஓஎ'. அவு 'நான்', ஓஎ 'நீ'. நடுவில் வரும் 'இயா' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. 'உன்னை' என்பதை அதுதான் காட்டுகிறது. அதை விட்டால் வாக்கியம் உடைந்துவிடும். 'கே அலோஹா நே அவு இயா ஓஎ' என்றும் சொல்லலாம். இந்தக் கணத்தில் நேசித்துக்கொண்டிருக்கிறேன் என்ற சாயல் அதில் உண்டு. முதன்முறை சொல்பவருக்குக் குறுகிய வடிவமே நல்லது என்பது எங்கள் கருத்து.

முடிவில் எழுதும் 'மே கே அலோஹா புமெஹானா' என்பதற்குக் கதகதப்பான அன்புடன் என்று பொருள். நண்பருக்கும் ஆசிரியருக்கும்கூட இதை எழுதுவார்கள். ஆகவே இதை மட்டும் வைத்துக் காதலை ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம். 'அலோஹா ஓஎ' இன்னும் தவறாகப் போகக்கூடியது. பின்னாளில் ஹவாயின் அரசியான லிலியுவோகலானி 1878-இல் அதே பெயரில் இயற்றிய பாடலால் அது பிரியாவிடையோடு ஒட்டிப்போய்விட்டது. காதல் செய்தியில் அது வந்தால் பிரிவுதான் நினைவுக்கு வரும்.

காதலர் என்று ஏற்கெனவே ஆகிவிட்டவருக்கு:

```
Aloha kāua, e kuʻu ipo.
Aloha au iā ʻoe.
Me ke aloha pumehana,
```

'e' என்பது விளி, 'kuʻu' நெருக்கம் தோய்ந்த 'என்', 'ipo' காதலர். புதிதாகப் பழகுபவருக்கு 'kuʻu ipo' அதிகம்; அந்த இடத்தில் அவர் பெயரைப் போட்டு, இரண்டாம் வரியை நீக்குங்கள்.

ʻ என்பது ஒகினா. ஹவாய் மொழியில் அது ஒரு மெய்யெழுத்து. கைப்பேசியில் ஹவாய் விசைப்பலகையைச் சேர்த்தால் அது கிடைக்கும். நெடில் கோட்டுக்கு உயிரெழுத்தை நீண்ட நேரம் அழுத்துங்கள். அனுப்பும் முன் kāua, iā இரண்டையும் இன்னொரு முறை பாருங்கள்.