வீடியோ இன்டர்வியூவில் நெட் அறுந்துவிட்டது: மன்னிப்பு மடலா, விடுபட்ட பதிலா, மறுபடி பேச நேரமா?

நடுவில் மூன்று நாலு தடவை லைன் போய், கடைசியில் "சரி, ஹெச்ஆர் உங்களைக் கூப்பிடுவாங்க" என்று அவசரமாக முடித்துவிட்டார்கள் என்றால், அதற்குப் பிறகு நம் கையில் இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். சும்மா இருக்கலாம். மன்னிப்புக் கேட்டு ஒரு மடல் போடலாம். அறுந்துபோன பதிலை எழுதி அனுப்பலாம். இன்னொரு முறை பேச நேரம் கேட்கலாம். பெரும்பாலானோர் கை தானாகப் போவது மன்னிப்பு மடலுக்குத்தான், இருப்பதிலேயே பலன் குறைந்ததும் அதுதான் என்பேன்.

எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். இன்டர்வியூ எடுத்தவர் முடிந்த கையோடு, அல்லது அன்று மாலைக்குள், ஒரு படிவத்தில் கருத்து எழுதவேண்டியிருக்கும்: இந்த விஷயம் தெரியுமா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, அடுத்த சுற்றுக்கு அனுப்பலாமா. லைன் போனதற்காக மார்க் குறைப்பவர்கள் அபூர்வம், அவர்களுக்கும் தினமும் மீட்டிங்கில் அதே கதைதான். ஆனால் நீங்கள் பாதியில் நின்ற கேள்விக்கு எதிரே அவர் என்ன எழுதுவார்? கேட்டது பாதி பதில், அதனால் "மேலோட்டமாகத் தெரியும்" என்று எழுதுவார். ஆக, போனது உங்கள் மரியாதை இல்லை, ஒரு தகவல். மன்னிப்பு அந்தக் கட்டத்தை நிரப்பாது.

ஒரு உதாரணத்தை வைத்தே பேசலாம். ஈரோட்டிலிருந்து ஒருவர் சென்னையில் ஒரு அக்கவுன்டன்ட் வேலைக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: "சப்ளையர் பில் நம்ம பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் இருக்கு, ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வரலை. என்ன பண்ணுவீங்க?" 2பி என்பது, சப்ளையர்கள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் காட்டிய பில்களை வைத்து மாதாமாதம் நமக்கு வரும் பட்டியல், அதைப் பார்த்துத்தான் இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியின் கழிவு, எடுப்பார்கள். இவர் "முதல்ல சப்ளையர் ரிட்டர்ன் போட்டாரான்னு பார்ப்பேன்..." என்று ஆரம்பித்ததும் படம் உறைந்துவிட்டது. திரும்ப வந்தபோது பேச்சு டிடிஎஸ்ஸுக்குப் போய்விட்டது.

மன்னிப்பு மடல் எப்படிப் போகும்? "இன்று ஏற்பட்ட தொடர்புச் சிக்கலுக்கு மனமார்ந்த மன்னிப்பு, எங்கள் பகுதியில் மழை, காலையில் சோதித்தபோது நன்றாகத்தான் இருந்தது, உங்கள் நேரத்தை வீணடித்ததற்கு வருந்துகிறேன், தயவுசெய்து இதை வைத்து என்னை எடை போடவேண்டாம்." படிப்பவர் மனதில் மிஞ்சுவது லைன் போன விஷயம் மட்டும்தான். அவர் ஒருவேளை மறந்திருந்தால்கூட நீங்களே ஞாபகப்படுத்திவிட்டீர்கள். கடைசி வரி இன்னும் மோசம், எடை போடுவதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது விடுபட்ட பதிலை அனுப்பும் மடல். (நிஜத்தில் இது ஆங்கிலத்தில் போகும், விஷயத்தைத் தமிழில் தருகிறேன்.)

"வணக்கம் சார். இன்று பேசியதற்கு நன்றி. மாதக் கடைசி வேலையை உங்கள் டீம் எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்று நீங்கள் சொன்னது உதவியாக இருந்தது. இடையில் லைன் போனதால் 2பி கேள்விக்கு என் பதில் பாதியில் நின்றது, மீதி இதோ. மாதாமாதம் தாக்கல் செய்யும் சப்ளையர் 11-ஆம் தேதிக்குப் பிறகு ஜிஎஸ்டிஆர்-1 போட்டால், அந்த பில் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். அவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்றால் இன்னும் தள்ளிப் போகலாம். போட்டும் வரவில்லை என்றால் நம் ஜிஎஸ்டி எண்ணையோ பில் எண்ணையோ தவறாகக் கொடுத்திருக்கிறாரா என்று பார்த்துத் திருத்தச் சொல்வேன். 2பி-யில் வரும்வரை இன்புட் கிரெடிட் எடுக்கமாட்டேன், நிலுவைப் பட்டியலில் வைத்து அடுத்த மாதம் சரிபார்ப்பேன். வேறு ஏதாவது தெளிவாகக் கேட்காமல் போயிருந்தால் சொல்லுங்கள், போனில் விளக்குகிறேன்."

இதில் லைன் போனது ஒரே ஒரு இடத்தில், காரணமாக மட்டும், வருகிறது. யார் பக்கம் போனது என்ற பேச்சே இல்லை. அவர்கள் பக்கம்தான் போனது என்று உங்களுக்குத் தெரிந்தாலும் எழுதாதீர்கள். "ஸாரி" சொல்லியே ஆகவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் "தடங்கலுக்கு வருந்துகிறேன்" என்று ஒருமுறை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அழைப்பிலேயே ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால் அதுவும் வேண்டாம்.

இந்த வழியிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. பெரியது, அறுந்துபோன பதிலை முடிப்பதற்குப் பதிலாக, சொதப்பிய பதிலை மாற்றி எழுதுவது. அவர் முழுசாகக் கேட்ட ஒரு பதிலை இரண்டு மணி நேரம் கழித்து அழகாகத் திருத்தி அனுப்பினால், கூகுளில் தேடி எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, எது அவர் காதில் விழவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாமல் போவது. திரையில் உங்கள் முகம் உங்கள் கேமராவிலிருந்து நேராக வருகிறது, அதனால் அந்தப் பக்கம் நீங்கள் உறைந்து நின்றாலும் உங்களுக்குச் சரியாகத்தான் தெரியும். நம்பக்கூடிய அடையாளம் அவர் நடந்துகொண்ட விதம்தான். "கடைசியா சொன்னது கேக்கலை" என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்காமல் நகர்ந்தாரா, நீங்கள் ஏற்கெனவே சொன்ன ஒன்றையே திரும்பக் கேட்டாரா, அந்த இடங்கள். "ஓகே, புரியுது, அப்ப அதுக்கு அடுத்து..." என்று உங்கள் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டிருந்தால் அது போய்ச் சேர்ந்துவிட்டது, தொடவேண்டாம். இதை அழைப்பு முடிந்தவுடன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்குள் குழம்பிவிடும். அப்புறம், ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு. ஐந்து கேள்விக்கு எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

ஐந்தும் விடுபட்டிருந்தால்? அப்போதுதான் மறுபடி பேச நேரம் கேட்பது முன்னுக்கு வருகிறது. பாதி நேரத்துக்குமேல் போய்விட்டது, அல்லது செய்துகாட்டச் சொன்ன வேலை நடுவிலேயே நின்றது என்றால், மடலால் அதை ஈடுகட்ட முடியாது. ஆனால் "இன்னொரு வாய்ப்பு கொடுங்க" என்பது வேறு, "எக்செல் பகுதி முடியவில்லை, அதற்கு மட்டும் 15 நிமிடம் போதும், நாளை 11-க்கோ மாலை 4-க்கோ வசதிப்படுமா, இந்தமுறை கேபிள் போட்ட இணைப்புள்ள இடத்தில் இருப்பேன்" என்பது வேறு. இரண்டாவதில் மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. ஒன்றிரண்டு கேள்விதான் போனது என்றால் இதைக் கேட்காதீர்கள், மூன்று பேர் காலண்டரைச் சேர்த்துவைப்பதைவிட அடுத்த ஆளைப் பார்ப்பது ஹெச்ஆருக்குச் சுலபம்.

சும்மா இருப்பது? எல்லாப் பதிலும் போய்ச் சேர்ந்தது, அங்கங்கே திக்கியது மட்டும்தான் என்றால் தாராளமாக. வெறும் நன்றி மடல் போதும், நெட் பேச்சே வேண்டாம்.

ஹெச்ஆருக்கு போன் அடிப்பதை ஒரே சூழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: முடித்துவைக்காமலே அழைப்பு செத்து, திரும்பச் சேரவும் முடியவில்லை என்றால், அப்போதே, ஐந்து நிமிடத்துக்குள். மறுநாள் காலை அடிக்கிற போன் நச்சரிப்பாகத்தான் தெரியும்.

மடலை அன்றைக்கே அனுப்பிவிடவேண்டும், படிவம் நிரம்பிய பிறகு வருகிற பதிலுக்கு மதிப்பு குறைவு. இன்டர்வியூ எடுத்தவரின் முகவரி பெரும்பாலும் காலண்டர் அழைப்பிலேயே இருக்கும். இல்லாவிட்டால் ஹெச்ஆருக்கு அனுப்பி, அவரிடம் சேர்த்துவிடச் சொல்லலாம். அவர்கள் சொன்ன தேதி தாண்டியும் பதில் வரவில்லை என்றால் ஒருமுறை விசாரிக்கலாம், அந்த மடலில் நெட் பற்றி ஒரு வார்த்தையும் வரக்கூடாது.