ஆட்டோவில் திணறும், லாக்கில் ஏறும்: ஆன்-டிமாண்ட் வண்டியுடன் 1,10,000 கி.மீ.

எங்கள் வண்டி ஆன்-டிமாண்ட் வகை, தேவைப்படும்போது மட்டும் பின் சக்கரங்களுக்கும் விசை போகும்; அந்த விசையை அனுப்பும் பின் கப்ளிங்கின் எண்ணெய் பம்பு போன வாரம்தான் மாற்றப்பட்டது. அதே வாரம் தேன்கனிக்கோட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர், இதே மாதிரி பழைய வண்டி ஒன்று விலை இறங்கி வந்திருக்கிறது என்று கேட்டார்: "மச்சான், நாலு சக்கரமும் நெசமாவே இழுக்குமா, இல்ல பேருக்குத்தானா?" அவருக்குச் சொன்ன பதில்தான் இது. எஞ்சின், மைலேஜ், சீட்டு பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதைத் தொடவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசை பிரியும் பங்கு என்று விற்பனைத் தாளில் போடுகிற "100:0 முதல் 50:50 வரை" என்ற வரி வாங்குபவரைக் குழப்புகிறது. அந்தக் குழப்பத்தோடு ஓட்டினால் கப்ளிங் கெடுகிறது.

எங்களுடையது போன்ற ஆன்-டிமாண்ட் வண்டியில் எஞ்சின் எப்போதும் முன் சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. பின்னால் போகும் ஷாஃப்டின் முனையில், பின் டிஃபரன்ஷியலுக்கு முன்பாக, எண்ணெயில் ஊறிய பல பிளேட் கிளட்ச் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதுதான் கப்ளிங். சிலவற்றில் மின்காந்தம் அந்தப் பிளேட்டுகளை அழுத்தும். எங்கள் வண்டியில் மின் பம்பு எண்ணெய் அழுத்தத்தால் அழுத்துகிறது. அழுத்தம் இல்லாவிட்டால் பின் அச்சுக்கு ஒன்றும் போகாது. முழுதாக அழுத்தினால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆட்டோ நிலையில் எவ்வளவு அழுத்துவது என்று கணினி தீர்மானிக்கும், லாக் பொத்தானைப் போட்டால் இறுக்கியே வைத்திருக்கும்.

இங்கேதான் அந்த 50:50 ஏமாற்றுகிறது. கிளட்ச் இறுகினால் சமமாவது வேகம்தான், முறுக்குவிசை அல்ல. வேகம் பூட்டப்பட்ட பிறகு, எந்த அச்சின் கீழ் பிடிப்பு இருக்கிறதோ அங்கேதான் விசை போய்ச் சேரும். முன் சக்கரங்கள் இரண்டும் வழுக்கும் களிமண்ணில் நின்றால், கிளட்ச் தாங்குகிற வரை ஏறக்குறைய முழு இழுவையும் பின்னாலேயே போகும். "பாதிக்கு மேல் பின்னால் போகாது" என்று நினைப்பவர்கள் லாக் பொத்தானைத் தொடுவதே இல்லை. ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள்.

அப்படி மிதித்தால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குள் ஏறும் செம்மண் பாதை, மழை பெய்து ஓய்ந்த மாலை. 100 அடிக்கு 20 அடி ஏறும் சரிவு. ஆட்களோடு வண்டி 1,700 கிலோ. சரிவு மட்டுமே பின்னுக்கு இழுப்பது சுமார் 333 கிலோ. இளகிய மண்ணில் சக்கரம் புதைந்து உருள இன்னொரு 100 கிலோ. மொத்தம் 433 கிலோ தள்ள வேண்டும். அந்தச் சரிவில் முன் அச்சின் மேல் சுமார் 885 கிலோவும் பின் அச்சின் மேல் சுமார் 780 கிலோவும் இறங்குகிறது. ஈரச் செம்மண்ணில் பிடிப்பு எண் 0.35 என்று வைத்துக்கொண்டால், முன் சக்கரங்களால் 310 கிலோ வரைதான் தள்ள முடியும். முன் வீல் டிரைவ் மட்டும் உள்ள வண்டி இங்கேயே நின்றுவிடும். மீதி 123 கிலோவைப் பின் அச்சு கொடுத்தாக வேண்டும். பங்கு போட்டுப் பார்த்தால் 72:28. தாளில் எழுதிய 100:0வும் இல்லை, 50:50யும் இல்லை.

அந்த 123 கிலோ கிளட்ச் வழியாகப் போக, ஷாஃப்டில் ஏறக்குறைய 165 நியூட்டன் மீட்டர் வேண்டும் (டயர் ஆரம் 34 செ.மீ., பின் கியர் விகிதம் 2.5 என்று கொண்டால்). நல்ல நிலையில் இருக்கும் கப்ளிங்குக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனால் ஆட்டோவில், முன் சக்கரம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, வண்டி 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், அந்த வேக வித்தியாசம் முழுவதும் கிளட்ச் பிளேட்டுகளுக்கு இடையில் தேய்கிறது. 165 நியூட்டன் மீட்டரை அந்த வித்தியாசத்தோடு பெருக்கினால் 8 கிலோவாட்டுக்கு மேல் சூடு வருகிறது. குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர் நான்கு சேர்ந்து, ஒரு சின்னப் பானை அளவு பெட்டிக்குள் எரிகிற மாதிரி. சூடு எல்லை தாண்டியதும் கணினி கிளட்சைத் திறந்துவிடும். பின் அச்சு கையை விரித்துவிடும், வண்டி நின்றுவிடும். "பாதி மேட்டில் ஃபோர் வீல் போச்சு" என்று சொல்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அதே மேட்டில், ஏறத் தொடங்கும் முன்பே கீழே லாக் போட்டுவிட்டால் வேக வித்தியாசம் இல்லை, தேய்மானம் இல்லை, சூடும் இல்லை. நான்கு டயரும் ஒரே அளவு வழுக்கும். இழுவை எடைக்கேற்பக் கிட்டத்தட்ட 53:47 ஆகப் பிரிந்து வண்டி அமைதியாக ஏறிவிடும். சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு லாக் போடுவது பாதி வேலைதான். முதலில் ஆக்சிலரேட்டரை விட்டு, சக்கரம் நின்ற பின் போட வேண்டும். மேலே தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் பல வண்டிகள் தாமே எடுத்துவிடும், ஆனாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

எங்கள் வண்டியில் லாக் போட்டும் பின் சக்கரம் சோம்பியது. கோபம் அதில்தான். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிரும் கருப்புப் பொடி பம்பின் சல்லடையில் களிம்பு போலப் படிந்து அடைத்திருந்தது. பம்பு சுற்றுகிறது, அழுத்தம் மட்டும் வரவில்லை. கணினி பார்ப்பது பம்பு இழுக்கும் மின்சாரத்தை, அதனால் அதற்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. கப்ளிங்குக்குள் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். அதைக் காலத்தில் மாற்றி, பம்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவியிருந்தால் பம்பே போயிருக்காது. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் "பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் பார்த்தாச்சு" என்று டிக் போட்டுக் கொடுத்தார்கள். பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் வேறு, கப்ளிங் எண்ணெய் வேறு. இரண்டுக்கும் தனித்தனி மூடி. கீழே படுத்துப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நண்பருக்கு முதலில் சொன்னதே இதுதான்: வாங்கும் முன் இரண்டு மூடியையும் காட்டச் சொல், கப்ளிங் எண்ணெய் மாற்றிய பில் தனியாக இருக்கிறதா என்று பார்.

பில் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம். காய்ந்த தரையில் லாக் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடக்கும் வேகத்தில் அரை வட்டம் ஒரே முறை சுற்ற வேண்டும். கப்ளிங் பிடித்தால் வண்டி இறுகிக்கொண்டு, யாரோ பிரேக் பிடித்த மாதிரி திணறும். வெண்ணெய் போலச் சுற்றி வந்தால் கிளட்ச் பிடிக்கவில்லை. ஆட்டோவிலேயே, சும்மா ஒடித்துத் திருப்பும்போது பின்னாலிருந்து "கர்ர்" என்று உதறல் வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, அல்லது முன் பின் டயர் ஒரே அளவில் இல்லை. டயரைச் சொல்லாமல் விட முடியாது. பின்னால் 8 மி.மீ. புது டயர், முன்னால் 3 மி.மீ. தேய்ந்த டயர் என்றால், ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம், அதாவது ஒன்றரை சதவீதம். ஓசூர் வரை நெடுஞ்சாலையில் போகும் நேரமெல்லாம் கப்ளிங் அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே போகும். இரண்டு டயர் மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது இந்த வண்டிக்கு ஆகாது.

நிரந்தர ஆல் வீல் டிரைவ் இதற்கு நேர் எதிர். நடுவில் கிளட்சுக்குப் பதில் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விட்டுவிட்டு, முறுக்குவிசையின் பங்கை மட்டும் கட்டிவைக்கும். டோர்சன் என்ற பற்சக்கர வகையில் பல வண்டிகளில் பங்கு 40:60, பின்னால் அதிகம். மேலே போட்ட அதே 433 கிலோவை அது முன்னால் 173, பின்னால் 260 என்று பிரிக்கும். பின் அச்சின் எல்லை 273 என்பதால் யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமலே, எதுவும் சூடாகாமலே ஏறிவிடும். பின்னால் வழுக்கத் தொடங்கினால் பற்சக்கரங்களின் உராய்வே பங்கை முன்னால் தள்ளும். அதன் பலவீனம் ஒன்றுதான். ஒரு அச்சு அந்தரத்தில் தொங்கிப் பிடிப்பு பூஜ்ஜியமானால், பூஜ்ஜியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்ஜியம். அங்கே பிரேக் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். மற்றபடி நேர்மையான அமைப்பு, எனக்குப் பிடித்ததும் இதுதான். பழைய பார்ட் டைம் ஜீப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் நடுவே டிஃபரன்ஷியலே கிடையாது, தாரில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பவே கூடாது.

இரட்டை மோட்டார் மின்வண்டியில் ஷாஃப்டும் இல்லை, கப்ளிங்கும் இல்லை. முன் மோட்டார் முன் அச்சுக்கு, பின் மோட்டார் பின் அச்சுக்கு. வேகமும் பூட்டப்படவில்லை, பங்கும் கட்டப்படவில்லை. இரண்டையும் கணினி நொடிக்குப் பல முறை தீர்மானிக்கிறது. சக்கரம் சுற்றத் தொடங்கியதை மோட்டார் உடனே உணர்ந்து விசையைக் குறைக்கும். தேய்வதற்கு நடுவில் பிளேட் இல்லாததால் மேலே சொன்ன 8 கிலோவாட் சூடு என்ற பேச்சே இல்லை. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முன் சக்கரம் வழுக்கினால் முன் மோட்டாரின் முறுக்குவிசையைப் பின்னால் அனுப்ப வழியே கிடையாது. பின் அச்சுக்குக் கிடைப்பது பின் மோட்டாரால் முடிந்தது மட்டும்தான். பெரும்பாலும் அதுவே தாராளம். பெரிய பாட்டரியால் வண்டி கனத்துப் போய் இளகிய மண்ணில் ஆழப் புதைவதுதான் உண்மையான தொல்லை. இன்னொன்று: மேட்டில் வண்டியை ஆக்சிலரேட்டராலேயே நிறுத்தி வைக்கக் கூடாது. மோட்டார் சுற்றாமல் விசை மட்டும் கொடுத்தால் மின்னோட்டம் ஒரே சுருளில் குவிந்து இன்வெர்ட்டர் சூடேறும், சக்தி குறைந்துவிடும். பிரேக்கில் நில், பிறகு ஏறு.

தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது மின்வண்டியின் அருமை தெரியும். மோட்டாரே பிரேக் போல இழுத்து பாட்டரிக்கு மின்சாரம் திருப்புவதுதான் ரீஜென்; மழையில்கூட இரண்டு அச்சும் பங்கு போட்டு அதைப் பிடிப்பதால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகாது. தர்மபுரியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால் மட்டும் பாட்டரியில் இடமில்லாமல் ரீஜென் குறைந்துவிடும். 80, 85-இல் எடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவு திட்டிய பிறகு நண்பருக்குச் சொன்னது: வாங்கு. நிரந்தர வண்டிகள் நம் விலைக்குள் வரவில்லை, மின்வண்டியை அஞ்செட்டி தாண்டிக் காட்டுப்பாதையில் விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. புது பம்பும் புது எண்ணெயும் போட்ட பிறகு எங்கள் வண்டி அதே மாந்தோப்பு மேட்டில் லாக் போட்டதும் ஒரு சக்கரம்கூட வீணாகச் சுற்றாமல் ஏறுகிறது. விலையில் பம்பின் காசைக் கழித்துக் கேள், நான்கு டயரும் ஒரே காலத்தில் தயாரானதா என்று தேதி எண்ணைப் பார், ஐப்பசி மழைக்கு முன்பே கப்ளிங் எண்ணெயை மாற்றிவிடு.