16 ஜிபி ரேமோடு ஐ3-ஆ, 8 ஜிபியோடு ஐ5-ஆ? கல்லூரிக்கு லேப்டாப் எடுக்கும்போது

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அக்கா மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்தது. 2025 ஜூலையில் லேப்டாப் எடுக்க ஈரோடு போனோம். அக்கா ஒதுக்கி வைத்திருந்தது 40,000 ரூபாய். கடையில் அந்தத் தொகையை ஒட்டி வந்தவை இரண்டு. ஒன்று 16 ஜிபி ரேமோடு ஐ3 புராசசர், விலை 38,500. இன்னொன்று 8 ஜிபி ரேமோடு ஐ5, விலை 41,000. இரண்டிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி, திரை ஒரே அளவு, எடையிலும் பேட்டரியிலும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. நாங்கள் ஐ3-ஐ எடுத்தோம். புரோகிராமிங் படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்த விலையில் அதுதான் சரி என்பதே இன்றைக்கும் என் முடிவு.

கடைக்காரர் விடவில்லை. "ஏனுங்க, ரெண்டாயிரத்து ஐநூறு பாத்துட்டு ஐ3 எடுக்கறீங்களே, புள்ளை நாலு வருசம் ஓட்ட வேண்டாமுங்களா? ரேம் எப்ப வேணாலும் போட்டுக்கலாமுங்க, புராசசரை மாத்த முடியாதுங்க" என்றார். இந்தப் பேச்சில் பாதி முழு உண்மை. லேப்டாப்பில் புராசசர் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும், வாங்கியது வாங்கியதுதான். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புராசசர். ஐ3, ஐ5 என்ற பெயரைக் கேட்டால் இரண்டும் இரண்டு படி தள்ளி இருப்பதுபோலத் தோன்றும். நாங்கள் பார்த்தவை i3-1215U, i5-1235U. இரண்டும் இன்டெலின் 12-ஆம் தலைமுறை. கோர் என்பது புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு. ஐ3-இல் 2 பெரிய கோர், 4 சிறிய கோர். ஐ5-இல் அதே 2 பெரிய கோர், 8 சிறிய கோர். இரண்டும் எட்டக்கூடிய உச்ச வேகம் அதே 4.4 கிகாஹெர்ட்ஸ். பிரவுசர் திறப்பது, வேர்டில் அசைன்மென்ட் அடிப்பது, சி புரோகிராமோ பைத்தானோ எழுதி ஓட்டுவது எல்லாம் பெரும்பாலும் ஓரிரு பெரிய கோர்களில் நடக்கும் வேலை. அங்கே இந்த இரண்டுக்கும் இடையே மாணவர் கண்ணில் படும் வித்தியாசம் வராது. கூடுதலாக உள்ள அந்த நாலு சிறிய கோர் உதவுவது, வேலையைப் பல துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யும் இடத்தில்: பெரிய புராஜெக்டை பில்ட் செய்வது, வீடியோ ஏற்றுமதி, ரெண்டரிங். அங்கே ஐ5 முந்தும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே 15 வாட்டை அடிப்படையாக வைத்துச் செய்த சில்லுகள். மெல்லிய உடம்பு, ஒற்றை விசிறி, ஏப்ரல் மாத ஈரோட்டு வெயில், ஹாஸ்டல் அறை என்று சேர்ந்தால் சூடு ஏறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நீண்ட வேலையில் அந்த முந்தலும் கொஞ்சம் கரையும்.

அப்புறம் ரேம். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி பிள்ளைகள் பலர் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஆண்ட்ராய்டு ஆப் செய்து பார்ப்பார்கள். அந்த ஒரு மாலை வேலையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸ் 11, வைரஸ் தடுப்போடு சும்மா இருக்கும்போதே 3 முதல் 3.5 ஜிபி வரை பிடிக்கும். குரோமில் கல்லூரித் தளம், யூடியூப், நாலைந்து உதவிப் பக்கம் என்று திறந்தால் 1.5 முதல் 2 ஜிபி. ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஏறக்குறைய 2 ஜிபி. ஆப்பைக் கட்டித் தரும் கிரேடில் தனியாக ஓடும். புது புராஜெக்ட் தொடங்கும்போதே `gradle.properties` என்ற கோப்பில் இந்த வரி எழுதப்பட்டு வருகிறது:

```
org.gradle.jvmargs=-Xmx2048m
```

அதாவது கிரேடில் 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ள அனுமதி. வழக்கமாக 1 ஜிபிக்கு மேல் எடுக்கும். கடைசியாக, ஆப்பை ஓட்டிக் காட்டும் பொய்ப் போன், அதாவது எமுலேட்டர், இன்னொரு 2.5 முதல் 3 ஜிபி. கூட்டினால் 10 முதல் 12 ஜிபி வருகிறது. கூகுளும் இதையேதான் சொல்கிறது: ஸ்டுடியோ மட்டும் என்றால் குறைந்தது 8 ஜிபி, எமுலேட்டரும் சேர்ந்தால் 16.

8 ஜிபி இயந்திரத்தில் இந்தக் கணக்கு தாண்டும்போது என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். உடனே நின்றுவிடாது. விண்டோஸ் முதலில், பயன்படுத்தாமல் கிடப்பதை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். அதுவும் போதாதபோது எஸ்எஸ்டியில் உள்ள `pagefile.sys` என்ற கோப்புக்குத் தள்ளும். திரும்ப அந்த ஜன்னலுக்குப் போனால் அங்கிருந்து எடுத்து வர வேண்டும். எஸ்எஸ்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரேமைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவானது. குரோமிலிருந்து ஸ்டுடியோவுக்கு மாறினால் திரை சில நொடி உறையும், எழுத்து தட்டினால் தாமதமாக விழும், எமுலேட்டர் "not responding" என்று நிற்கும். இந்த நேரத்தில் ஐ5 என்ன செய்துகொண்டிருக்கும்? சும்மா காத்திருக்கும். எத்தனை கோர் இருந்தாலும் வேலைக்கான தரவு வந்து சேரும் வரை அவற்றுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

இதை யூகிக்கத் தேவையில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். இயந்திரம் திணறும்போது Ctrl+Shift+Esc அழுத்தினால் Task Manager வரும். Memory 90 சதவீதத்துக்கு மேல், Disk 100-ஐ ஒட்டி, CPU மட்டும் 15, 20-இல் நின்றால் பற்றாக்குறை ரேமில். Memory-இல் இடம் இருக்கும்போதே CPU 100-இல் நிமிடக்கணக்காக நின்றால் அங்கே வேண்டியது வேகமான புராசசர். அக்கா மகளின் சீனியர் ஒருத்தி 8 ஜிபி ஐ5 வைத்திருக்கிறாள். எமுலேட்டரைத் திறந்ததும் முதல் வகைக் காட்சிதான். அவளுக்கு ஒரு வழி உண்டு. எமுலேட்டரை விட்டுவிட்டு, சொந்தப் போனில் USB debugging-ஐ ஆன் செய்து, கேபிளில் செருகி, ஆப்பை அதிலேயே ஓட்டுவது. ஒரே அடியில் 3 ஜிபி வரை மிச்சம். 8 ஜிபி லேப்டாப்பை ஏற்கனவே வாங்கியவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இப்போது கடைக்காரர் சொன்ன மீதிப் பாதி. "ரேம் எப்ப வேணாலும் போட்டுக்கலாம்" என்பது ரேம் செருகும் ஸ்லாட் இருந்தால் மட்டும் உண்மை. லேப்டாப்பில் மூன்று வகை வரும். இரண்டு ஸ்லாட் உள்ளது, கொஞ்சம் ரேமைப் போர்டில் சாலிடர் செய்து ஒரு ஸ்லாட் விட்டது, முழுக்கவும் சாலிடர் செய்தது. மூன்றாவது வகையில் வாங்கிய அளவோடு சரி, எந்த சர்வீஸ் கடைக்காரரும் செருகித் தர முடியாது. மெல்லிய, எடை குறைந்த மாடல்களில் இது நிறைய. LPDDR4X, LPDDR5 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சாலிடர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் கடையில் இருந்த டெமோ ஐ5-இலேயே Task Manager திறந்து, Performance, அப்புறம் Memory என்று போய்ப் பார்த்தோம். Form factor என்ற இடத்தில் SODIMM என்று இருந்தால் கழற்றி மாற்றும் ஸ்டிக். அங்கே இருந்தது Row of chips, அதாவது போர்டில் ஒட்டியது. ஆனால் கூடவே ஒரு காலி ஸ்லாட்டும் இருக்கலாம் அல்லவா? பக்கத்தில் வரும் Slots used எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது, ஒட்டிய சில்லுகளையும் சில இயந்திரங்கள் ஸ்லாட்டாக எண்ணிக் காட்டும். அதனால் மாடல் எண்ணைப் போனில் அடித்து, கம்பெனி தளத்தில் விவரப் பட்டியலைத் திறந்தோம். ஸ்லாட் கிடையாது, 8 ஜிபிதான் உச்சம். அந்த இடத்தில் பேச்சு முடிந்தது. கடைக்காரரும் பார்த்துவிட்டு, "இந்த மாடல்ல இப்பிடி இருக்குங்களா" என்று ஒத்துக்கொண்டார்.

அந்த ஐ5-இல் ஒரு காலி ஸ்லாட் இருந்து, அக்காவிடம் இன்னும் நாலைந்தாயிரம் இருந்திருந்தால் ஐ5-ஐ எடுத்து அன்றைக்கே இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போடச் சொல்லியிருப்பேன். அன்றைக்கே என்பதை அழுத்திச் சொல்கிறேன். அடுத்த வருடம் போடலாம் என்று விட்டால் விலை நமக்காகக் காத்திருக்காது. 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. தள்ளிப் போட்டவர்கள் அதே ஸ்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்தது.

எல்லாருக்கும் 16 வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பி.காம். பிள்ளைக்கு டாலி, எக்செல், பிரவுசர், ஆன்லைன் வகுப்பு என்றால் 8 ஜிபி ஐ3-ஏ போதும், மிச்சப் பணத்தைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகள் வரைபடம் போடும் CAD மென்பொருள்களை நான் அன்றாடம் ஓட்டுபவன் இல்லை. ரெண்டரிங்கும் சிமுலேஷனும் கோர்களை நன்றாகவே தின்னும், அங்கே புராசசரின் பக்கம் தராசு சாயலாம். அந்தத் துறை சீனியர்கள் Task Manager-இல் எது முதலில் முட்டுகிறது என்று பார்த்துச் சொன்னால் அதை நம்புங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். 40,000-க்குக் கீழே ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 புராசசர் என்று காட்டினால் முழு எண்ணையும் படியுங்கள். 7520U என்றால் முன்னால் 7 இருந்தாலும் உள்ளே இருப்பது ஸென் 2 என்ற பழைய வடிவமைப்பு, 4 கோர். 7530U என்றால் ஸென் 3, 6 கோர். எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்று சொல்கிறது. அதோடு 7520U ஏற்பது LPDDR5 மட்டும். அதனால் இந்த விலை லேப்டாப்களில் ரேம் போர்டில் ஒட்டியே வரும், ஸ்லாட்டை எதிர்பார்க்க வேண்டாம். அதே புராசசரில் 8 ஜிபியும் 16 ஜிபியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் 8 ஜிபியை விட்டுவிட்டு 16-ஐக் கேளுங்கள்.