கோபி மஞ்சூரியன்: ஒரு தடவை பொரிக்கிறதா, ரெண்டு தடவையா?

பெங்களூர்ல சாயங்காலம் கோபி வண்டி பக்கம் நின்னு கவனிச்சீங்கன்னா தெரியும், லைட் கலர்ல பாதி பொரிச்ச கோபி ஏற்கனவே குமிச்சு வச்சிருப்பாங்க, ஆர்டர் வந்ததும் அதையே திரும்ப எண்ணெய்ல போட்டு எடுத்து சாஸ்ல பெரட்டி குடுப்பாங்க. வீட்ல நாம ஒரே தடவைல செவக்க விட்டு எடுத்துடுறோம், அதான் வித்தியாசமே.

ஒரு காலிஃப்ளவர் பூவை ரெண்டு பாதியா பிரிச்சு, ரெண்டு விதமாவும் பொரிச்சு பாருங்க. ரெண்டுக்கும் ஒரே மாவு: மைதாவும் கார்ன் ஃப்ளோரும் சரிசமம், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, ப்யாடகி மிளகாத்தூள், பூவுல ஒட்டி நிக்கிற கெட்டிப் பதம். கலர் பொடி வேணாம், 2024 மார்ச்லயே கர்நாடகாவுல கோபிக்கு செயற்கை நிறம் தடை பண்ணிட்டாங்க. வெந்நீர்ல போட்டு எடுத்த பூவை துணியில நல்லா ஈரம் போக ஒத்தி எடுக்கணும், இல்லன்னா மாவு கழண்டுடும்.

முதல் பாதிய 175 டிகிரில ஒரே மூச்சா பொரிச்சா எடுத்த உடனே மொறுமொறுன்னுதான் இருக்கும். ஆனா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி மேல் மாவுக்கு வந்துட்டே இருக்கும், கொஞ்ச நேரத்துல தோல் நமுத்துடும், சாஸ்ல போட்டா இன்னும் சீக்கிரம் தொளதொளன்னு ஆயிடும்.

ரெண்டாவது பாதிக்கு முதல்ல 160 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லன்னா ஒரு சொட்டு மாவு விடுங்க, அடியில போய் மெதுவா மேல வந்தா சரி. நாலஞ்சு நிமிஷம், கலர் ஏறாம மாவு மட்டும் இறுகினதும் எடுத்து பத்து நிமிஷம் ஆறவிடணும். அந்த நேரத்துல உள் ஈரம் மேல வந்துடும், அப்புறம் 185, 190 டிகிரில (சொட்டு விட்டதும் உடனே மேல வந்து பொரியணும்) ஒண்ணு ரெண்டு நிமிஷம் போட்டா அந்த ஈரம் பறந்து தோல் கெட்டியா நிக்கும். கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, மொத்தமா கொட்டினா சூடு இறங்கி எண்ணெய் குடிச்சிடும்.

வடிக்கிறதுல பலபேர் டிஷ்யூ பேப்பர்தான் விரிக்கிறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. பேப்பர் எண்ணெய உறிஞ்சும், உண்மைதான், ஆனா அடியில ஆவி மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் மட்டும் நமுத்துப் போகும், தொட்டா தெரியும். கம்பி ரேக் இல்லன்னா சல்லடைல ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பினா நாலு பக்கமும் காத்து போகும். அதுக்கும் முன்னாடி ஜல்லிக் கரண்டிய வாணலி மேலயே புடிச்சு நல்லா உதறுங்க, ஏன்னா பொரிச்சது ஆற ஆறத்தான் மேல ஒட்டியிருக்கிற எண்ணெய் உள்ள இழுக்கும், சூடா இருக்கும்போதே உதறினா நிறைய வடிஞ்சிடும். ரெண்டு தடவையும் இதே மாதிரி பண்ணணும்.

சாஸ் இல்லாம சுடச்சுட அப்படியே சாப்பிடப் போறீங்கன்னா ஒரு தடவை பொரிச்சாலே தாராளம், ரெண்டாவது வேலை வேஸ்ட். சாஸ்ல பெரட்டணும், இல்ல விருந்தாளி வர லேட் ஆகும்னா ரெண்டு தடவைதான் என் ஓட்டு, முதல் தடவை பொரிக்கிறத முன்னாடியே முடிச்சு வச்சுக்கலாம், ஆனா ரெண்டாவதுல எடுத்து உதறினதும் சாஸ் ரெடியா கொதிச்சிட்டு இருக்கணும்.