24 லிட்டர் பிரஷர் டேங்கை உங்கள் போர்வெல் மோட்டாருக்கு விற்க வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

மேல்நிலைத் தொட்டி இல்லாமல், 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டாரிலிருந்து நேரடியாக வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் அமைப்பை எங்கள் வீட்டில் பொருத்தியவர், அதற்கு 24 லிட்டர் பிரஷர் டேங்க் தாராளமாகப் போதும் என்று உறுதியளித்துப் பணம் பெற்றுக்கொண்டார். முதல் நாளிலிருந்தே ஒரு குழாயைத் திறந்தால் பிரஷர் சுவிட்ச் ‘டக்’கென்று போட்டு, கால் நிமிடத்தில் மீண்டும் ‘டக்’கென்று அணைத்தது.

மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் தருகிறது. சுவிட்ச் 1.4 பாரில் போட்டு 2.8 பாரில் அணைக்கும்படி இருந்தது. இந்த வரம்புகளுக்கு இடையில் டேங்க் வெளியே தரும் தண்ணீர், அதன் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 லிட்டர்தான். ஒவ்வொரு முறையும் மோட்டார் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டுமானால் டேங்க் 40 லிட்டர் தர வேண்டும். அதற்கு 120 லிட்டர் டேங்காவது தேவை என்பதை விற்பவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

நான் முறையிட்டபோது அவர் செய்தது இன்னும் மோசமானது. சுவிட்சின் சிறிய நட்டைத் தளர்த்தி, அணைக்கும் அழுத்தத்தை 2 பாருக்கு இறக்கிவிட்டு, “மோட்டாருக்குச் சுமை குறைந்துவிட்டது சார்” என்றார். உண்மையில் இரு வரம்புகளும் நெருங்கியதால் டேங்க் தருவது 4 லிட்டர் சொச்சமாகச் சுருங்கியது. நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் ஒரு குழாய் திறந்திருந்தாலே, மோட்டார் மணிக்கு நூறு முறை கிளம்பும் நிலை வந்தது. இந்த அளவு மோட்டாருக்கு ஒரு நாள் முழுவதற்குமே ஏறக்குறைய நூறு முறைதான் தாங்கும் அளவு. சில மாதங்களில் கெப்பாசிட்டர் எரிந்தபோது அவர் மோட்டாரைக் குறை சொல்லி, புதிய மோட்டாருக்கு விலைப்பட்டியல் நீட்டினார்.

டேங்கின் காற்று வால்வை அவர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை முழுவதும் வடித்த பிறகு, உள்ளே காற்றழுத்தம் மோட்டார் போடும் அழுத்தத்தைவிட 0.1 அல்லது 0.2 பார் குறைவாக, எங்கள் அமைப்பில் 1.2 பாராக, இருக்க வேண்டும். டயருக்குக் காற்றுப் பார்க்கும் கேஜே இதற்குப் போதும். காற்று கூடுதலாக இருந்தால் மோட்டார் போடுவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் நின்று திணறும். வால்வை அழுத்தும்போது தண்ணீர் பீறிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று பொருள்.

வேறொருவரை வைத்து 150 லிட்டர் டேங்க் பொருத்தி, வரம்புகளை மீண்டும் 1.4, 2.8 என்று வைத்த பிறகு, பழைய மோட்டாரே ஒருமுறை போட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது.

பணம் கொடுக்கும் முன் நீங்களே இதைச் சோதிக்கலாம். மோட்டார் தானாக நின்றதும் மின்சாரத்தை அணைத்து, கேஜ் 1.4 காட்டும் வரை வரும் தண்ணீரை வாளியில் அளந்துகொள்ளுங்கள். பிறகு எல்லாக் குழாய்களையும் மூடி மின்சாரம் கொடுத்து, மோட்டார் நிற்கும் வரை நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால், பெரிய டேங்க் மாற்றித் தரும் வரை மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்.