ஒரே காபித்தூள், நான்கு வேலைகள்: பிபிஏ முடித்தபின் மார்க்கெட்டிங்கில் எந்தப் பக்கம்?

சேலத்தில் பிபிஏ முடித்துவிட்டு மார்க்கெட்டிங்கில் எந்தப் பிரிவுக்குப் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் சம்பளத்தை முதலில் பேசுவதில்லை. ஒரே பொருளை டிஜிட்டல், பிராண்ட், சந்தை ஆய்வு, புராடக்ட் மேனேஜ்மென்ட் என்ற நான்கு வேலைகளிலும் வைத்துப் பாருங்கள் என்பேன். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் தன் காபித்தூளை 250 கிராம் பாக்கெட் 250 ரூபாய் என்று நேரடியாக விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொட்டை, வறுவல், பாக்கெட் எல்லாம் சேர்த்து 130 ரூபாய், கூரியர் 50 ரூபாய். ஒரு பாக்கெட்டுக்கு மிஞ்சுவது 70 ரூபாய்.

டிஜிட்டல் ஆள் இன்ஸ்டாகிராமில் 10,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறார். ஒரு கிளிக் 10 ரூபாய் என்றால் ஆயிரம் பேர் வருவார்கள். அதில் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினால் 20 ஆர்டர். அதாவது ஒரு ஆர்டரைப் பிடிக்க 500 ரூபாய் செலவு, கையில் நிற்பது 70. சரி, ஒரு கிலோவாக 1,000 ரூபாய்க்கு விற்கலாம் என்பார். அந்த விலைக்கு வாங்குபவர் குறையத்தான் செய்வார்கள். அதே 20 பேர் வாங்கினாலும் கணக்கைப் பாருங்கள். விற்பனை 20,000 ரூபாய், விளம்பரச் செலவைப்போல இரண்டு மடங்கு. விளம்பரத் திரையில் இது வெற்றியாகத்தான் தெரியும். ஆனால் தூளுக்கு 520, கூரியருக்கு 80 போனால் ஆர்டருக்கு மிஞ்சுவது 400 ரூபாய். மொத்தம் 8,000. விளம்பரத்துக்குப் போனது 10,000. இரண்டாயிரம் நட்டம். அந்த 20 பேரில் பத்துப் பேர் விளம்பரம் இல்லாமலே மறுபடி வாங்கினால்தான் 4,000 வந்து கணக்கு லாபத்துக்குத் திரும்பும்.

டிஜிட்டலில் நல்ல ஆளையும் சாதாரண ஆளையும் பிரிப்பது இந்தக் கணக்குதான். விளம்பரம் போடும் முறையை ஓரிரு மாதத்தில் கற்றுவிடலாம். அடக்கவிலையை முதலாளியிடம் கேட்டு வாங்கி, இரண்டாவது முறை வாங்கியவர் எத்தனை பேர் என்று பார்ப்பவர்கள் குறைவு. பிபிஏவில் படித்த காஸ்ட் அக்கவுண்டிங் உண்மையில் கைகொடுக்கும் இடம் இது.

அந்தப் பத்துப் பேர் ஏன் திரும்பி வரவேண்டும்? அங்கேதான் பிராண்ட் வேலை தொடங்குகிறது. சிக்கரி சேர்ப்பதா, பாக்கெட்டின் முன்பக்கம் ஏற்காட்டின் பெயரைப் பெரிதாகப் போடுவதா, பக்கத்துக் கடைத் தூளைவிட என்ன விலை வைப்பது என்பதையெல்லாம் ஒரே ஆள் சேர்த்து முடிவு செய்து, லாப நட்டத்துக்கும் பதில் சொல்வது. பி அண்ட் ஜி நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் 1931இல் எழுதிய குறிப்பு, ஒரு பிராண்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் கேட்டது. ஆசையாக இருக்கும். ஆனால் பெரிய நிறுவனங்கள் இந்த இடத்துக்குப் பெரும்பாலும் பெரிய எம்பிஏ கல்லூரிகளிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. அவர்களையும் முதலில் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். வெறும் பிபிஏவோடு பிராண்ட் பக்கம் போக விரும்பினால் லீ பஜாரில் மொத்த வியாபாரிகளிடம் ஆர்டர் எடுக்கும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். கடைக்காரர் எந்தச் சரக்கை முன்வரிசையில் வைக்கிறார், எதைத் திருப்பி அனுப்புகிறார் என்பதை வேறெங்கும் அவ்வளவு தெளிவாகக் கற்க முடியாது.

சந்தை ஆய்வை நம் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சரியாகத் தேர்ந்தெடுத்த 400 பேரைக் கேட்டால் கிடைக்கும் சதவீதம், ஐந்து புள்ளி முன்பின்னாக ஊர் நிலவரத்தைச் சொல்லும். ஆனால் அந்த 400 பேரையும் ஒரே மாலையில் புதிய பஸ் நிலையத்தில் பிடித்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் விடை தப்பு. வீட்டில் தூள் வாங்குபவர் அங்கே நிற்கமாட்டார். கேள்வியும் அப்படித்தான். "ஏற்காட்டுக் காபி பிடிக்குமா?" என்றால் எல்லாரும் பிடிக்கும் என்பார்கள். "கடைசியாக எந்தத் தூள், எந்தக் கடையில், எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்றால்தான் உண்மை வரும். புள்ளியியல் பிடித்தவர்களுக்கு, பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல வேலை. பெரும்பாலும் சென்னைக்குப் போகவேண்டியிருக்கும்.

புராடக்ட் மேனேஜ்மென்ட் இன்று பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களில்தான். காபியை விற்கும் செயலியில் மாதச் சந்தா வசதியை இப்போது சேர்ப்பதா, பிறகு சேர்ப்பதா என்று பொறியாளர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யும் வேலை. கல்லூரியிலிருந்து நேராக இதில் நுழைவது கடினம். வாடிக்கையாளர் சேவையிலோ பிசினஸ் அனலிஸ்டாகவோ சேர்ந்து, அப்புறம் மாறுபவர்கள் உண்டு.

சேலத்திலேயே இருந்து தொடங்கவேண்டும் என்றால் நான் டிஜிட்டலையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. பல கடைகளுக்கு விளம்பரம் போட்டுத்தரும் ஏஜென்சிக்குப் போனால், நேர்காணலில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: "வாடிக்கையாளரின் விற்பனைக் கணக்கை நான் பார்க்க முடியுமா?" லைக், ரீச் மட்டும்தான் காட்டுவோம் என்றால், அங்கே இரண்டு வருடம் இருந்தாலும் மேலே போட்ட காபிக் கணக்கைப் போடும் வாய்ப்பு வராது. அதைவிட, கணக்கைத் திறந்து காட்டும் ஒரு கொலுசுக் கடையோ ஜவ்வரிசி வியாபாரியோ சம்பளம் சற்றுக் குறைவாகக் கொடுத்தாலும் அங்கே சேருங்கள்.