ஜெனரேட்டிவ் ஃபில்: பெரிய மாஸ்க் போட்டால் ஏன் சொதப்புகிறது?

படத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் இடத்தை ஏஐ மாடலே வரைந்து நிரப்பித் தருவதுதான் ஜெனரேட்டிவ் ஃபில். அந்த வசதிக்காக ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா என்று நண்பர் கேட்டார். நான் இதை நெடுநாளாகத் தினமும் பயன்படுத்துகிறேன். மின்கம்பியை அழிக்க, சட்டையில் இருக்கும் கறையை நீக்க, ஓரத்தில் வந்து நிற்கும் ஆளைத் தூக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. நிழல், வெளிச்சத்தின் திசை, துணியின் மடிப்பு எல்லாமே அப்படியே பொருந்தி உட்காரும். நிரப்பச் சொல்லித் தேர்ந்தெடுக்கும் பகுதியை மாஸ்க் என்பார்கள். என் கோபமெல்லாம் ஒன்றின் மேல்தான்: பெரிய மாஸ்க்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். செங்கல் சுவருக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறார். 4000 பிக்சல் அகலம், 6000 உயரம். பேனருக்காக 9000 அகலம் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் 2500 பிக்சல் நிரப்ப வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாகத் தேர்ந்தெடுத்து ஃபில் கொடுத்தால், திரைக்கு அடங்கும் அளவில் அருமையாகத்தான் தெரியும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அசல் சுவரில் சுண்ணாம்புப் பொருக்கு வரை தெரியும், நிரப்பிய பகுதியில் செங்கல் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருக்கும்.

காரணம் எளிது. பின்னால் வேலை செய்யும் மாடல் உங்கள் படத்தின் அளவில் வரைவதில்லை. இதுபோலப் படம் வரையும் மாடல்களில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 பயிற்சி பெற்றது 512 பிக்சல் சதுரத்தில், எஸ்டிஎக்ஸ்எல் 1024-இல். 1024 என்ற வரம்பையே வைத்துக் கணக்குப் போடுவோம். 2500 x 6000 துண்டை அதற்குள் அடக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 6 மடங்கு சுருக்க வேண்டும். மாடல் வரைவது 430 x 1024 அளவுக்குத்தான். மீதியெல்லாம் இழுத்துப் பெரிதாக்கியது. சந்தேகமாக இருந்தால் நிரப்பிய பகுதியை நகலெடுத்து ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்கு இழுத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால், அந்த நுணுக்கம் முதலிலிருந்தே அங்கே இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாடலுக்குத் துப்பு கிடைப்பது மாஸ்க்கைச் சுற்றியிருக்கும் அசல் படத்திலிருந்துதான். மாஸ்க் பெரிதாகப் பெரிதாக, நடுப்பகுதிக்கும் அசலுக்கும் உள்ள தூரம் கூடும். அங்கே எது வந்தாலும் பொருந்தும் என்ற நிலை. அதனால்தான் கேட்காத கதவும் ஜன்னலும் முளைக்கின்றன.

சரி, துண்டு துண்டாகப் போட்டால்? எடுத்த எடுப்பிலேயே அப்படிப் போட்டால் வேறு தொல்லை. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைப் பார்த்து வரைகிறது, அதன் பிழையையும் சேர்த்து. மூன்றாவது துண்டு வருவதற்குள் செங்கல் வரிசை சாயத் தொடங்கும், நிறமும் மெல்ல மாறும்.

அதனால் நான் இரண்டு கட்டமாகச் செய்கிறேன். முதலில் முழுப் பகுதியையும் ஒரே மாஸ்க்கில் நிரப்பிவிடுவேன். மங்கலாக இருக்கட்டும், எனக்குத் தேவை செங்கல் வரிசையின் கோடும் வெளிச்சமும் மட்டும். பிறகு அந்த மங்கல் படத்தின் மேலேயே 1000 பிக்சலுக்கு உட்பட்ட சதுரங்களாகப் போவேன். இங்கே ஒரு விஷயம் முக்கியம்: சாதாரண ஃபில் அடியில் இருப்பதை மறந்துவிட்டுப் புதிதாக வரையும். அடியில் இருப்பதை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்வது டீநாய்சிங் அளவு. அதை மாற்ற விடும் மென்பொருளில் அதை 0.3 முதல் 0.4-க்குள் வைத்தால், அடியில் இருக்கும் கோட்டை மதித்து நுணுக்கத்தை மட்டும் சேர்க்கும்.

அசல் படத்தைத் தொடும் சதுரத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போக வேண்டும். அடுத்தடுத்த சதுரங்கள் 150, 200 பிக்சலாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வராதீர்கள், சந்திக்கும் இடத்தில் செங்கல் வரிசை ஒட்டாது. பிராம்ப்ட்டிலும் அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் எழுதுங்கள். “ஜன்னல் வைத்த செங்கல் சுவர்” என்று எல்லாச் சதுரத்துக்கும் கொடுத்தால் சதுரத்துக்கு ஒரு ஜன்னல் வரும்! கடைசியில் நிரப்பிய பகுதிக்கு அசலில் இருக்கும் அளவுக்கு நாய்ஸ், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள், சேர்த்துவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்கே முப்பது சதுரம் வரை வரும். அத்தனையும் தேவையில்லை. பெண்ணுக்கு அருகே இருக்கும் சுவருக்கு மட்டும் போடுங்கள். மங்கலான தரைக்கும் வானத்துக்கும் முதல் கட்டமே போதும்.

இவ்வளவும் செய்தால் பிரிண்ட் நன்றாக வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு கட்டுகிறவருக்கு, எத்தனை பிக்சலில் வரைந்தேன் என்ற ஒரே ஒரு எண்ணைக் காட்டுவதில் என்ன கஷ்டம்? நான் பயன்படுத்தும் மென்பொருள் அதைக் காட்டாத வரை, பெரிய பிரிண்ட் வேலைக்காக வாங்கச் சொல்லி யாரிடமும் நான் சொல்லமாட்டேன்.